நின்று நின்று ஓடும் படம்

திருச்செந்தூரில் நான் சிறுவனாக இருந்த காலத்தில், ஊருக்கு வெளியே தென்னங்கீற்று வேய்ந்த கொட்டகை ஒன்றில் சினிமாக் காட்டுவார்கள். காட்சி முடிந்த மறுநாட் காலை, பொறி இருந்த அறையின் பின்புறம் சென்று தேடினால், அறுந்து ஒட்டிய படச்சுருளின் துண்டுகள் மணலிற் கிடக்கும். அவற்றைப் பொறுக்கிச் சேர்ப்பது எங்கள் வயதுப் பிள்ளைகளுக்குப் பெரிய செல்வம். ஒரு துண்டுக்கு இரண்டு கோலிக்குண்டு என்று விலைகூட இருந்தது.

அத்துண்டுகளைக் கொண்டு நாங்களும் படம் காட்டுவோம். கெட்டுப்போன மின்விளக்குக் குமிழின் அடிப்பகுதியை நோகாமல் உடைத்து எடுத்துவிட்டு, குமிழில் தெளிந்த நீரை நிரப்பினால் அது ஒரு லென்சாகிவிடும். வீட்டின் கதவையும் சன்னலையும் அடைத்து, வெளியே ஒருவன் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலை வாங்கிக் கதவிடுக்கின் வழியே உள்ளே அனுப்புவான். அவ்வொளி படத்துண்டைக் கடந்து நீர்க்குமிழைக் கடந்து எதிர்ச்சுவரில் விழும். துண்டைத் தலைகீழாகப் பிடித்தால் சுவரில் நடிகர் நேராக நிற்பார். நிற்பார் என்றுதான் சொல்ல வேண்டும், அவர் நடக்கவில்லை.

அவரை நடக்க வைக்க வேண்டும் என்று என் அண்ணன் ஒரு நாள் முடிவு செய்தான். ஒரு முழ நீளமுள்ள துண்டு ஒன்று அவனிடம் இருந்தது. அதில் இருபதுக்கு மேற்பட்ட படங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. ஒவ்வொன்றிலும் அதே நடிகர், கையை இம்மியளவு உயர்த்தியவராக. துண்டை விரைவாகக் கீழ்நோக்கி இழுத்தால் கை உயரும் என்பது அவன் கணக்கு. இழுத்தான். சுவரில் கை உயரவில்லை. கையும் இல்லை, நடிகரும் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு கோடு மேலும் கீழுமாக வழிந்து மறைந்தது. இன்னும் வேகமாக இழுத்தால் வரும் என்றான். வேகம் கூடக் கூடக் கோடு இன்னும் கலங்கியதேயன்றி உருவம் திரும்பவில்லை. அதே படங்கள் கொட்டகையில் நடக்கின்றன, ஓடுகின்றன, வாட்போர் புரிகின்றன. நம் வீட்டுச் சுவரில் மட்டும் ஏன் கரைந்துபோகின்றன? இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் பின்னாளில் நான் அக்காலத்து உருளைப் பொம்மைகளைப் பற்றிப் படிக்கலானேன். இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புவதும் அதுவே.

விடையின் முதற் பகுதி எங்கள் தெருவிலேயே இருந்தது, நாங்கள்தாம் கவனிக்கவில்லை. தேரிக்காட்டை அடுத்த ஊர்களில் தோட்டங்களுக்குப் பனைமட்டைகளை வரிசையாக நட்டு வேலி கட்டுவது வழக்கம். மட்டைகளுக்கு இடையே விரலகல இடுக்குகள் இருக்கும். வேலிக்கு அப்பால் ஒரு மாட்டுவண்டி செல்லும்போது, சற்றுத் தொலைவில் நின்று இடுக்குகளின் வழியே அதன் சக்கரத்தைப் பாருங்கள். வெறுங்கண்ணுக்குச் சுழலும் ஆரக்கால்கள் தனித்தனியே தோன்றாமல் ஒரே கலங்கலாக இருக்கும். வேலியிடுக்கின் வழியே பார்க்கும்போதோ ஆரக்கால்கள் தெரிகின்றன. தெரிவது மட்டுமன்று, சுழலாமல் நிற்பனபோலவும், மேலும் கீழும் உள்ளவை தவிர மற்றவை வில்லாக வளைந்தனபோலவும் தெரிகின்றன. 1824ஆம் ஆண்டு டிசம்பரில் பீட்டர் மார்க் ரோஜே என்ற ஆங்கில மருத்துவர் இலண்டன் ராயல் சங்கத்தில் படித்த கட்டுரை இந்தத் தோற்றத்தைப் பற்றியதுதான். சொற்களைப் பொருள் வாரியாகத் தொகுத்த அகராதியால் பிற்காலத்தில் பெயர் பெற்றவரும் இவரே. வண்டிச் சக்கரத்தையும் வேலியையும் அவர் கணித முறையில் ஆராய்ந்தார். இடுக்கு ஒன்று கண்முன் இருக்கும் சிறு பொழுதில் சக்கரத்தின் ஒரு கீற்று மட்டுமே தெரிகிறது. அடுத்த பொழுதில் அடுத்த கீற்று. அக்கீற்றுகளைக் கண் சேர்த்துக்கொள்கிறது. ஓடுகிற பொருளைத் தொடர்ந்து பார்க்காமல் துண்டு துண்டாகப் பார்த்தால் அது நிற்பதுபோலத் தோன்றும் என்ற செய்தி இதனால் வெளிப்பட்டது.

ஓடுவதை நிற்கச் செய்ய இயலுமானால், நிற்பதை ஓடச் செய்ய இயலாதா? 1832ஆம் ஆண்டின் இறுதியில் பெல்ஜிய நாட்டுப் பேராசிரியர் ஜோசப் பிளாட்டோ இதைச் செய்துகாட்டினார். வியன்னாவில் சைமன் ஸ்டாம்பர் என்பவரும் அவரை அறியாமலே ஏறக்குறைய அதே சமயத்தில் அதே பொம்மையைச் செய்தார். ஒரு வட்ட அட்டையின் விளிம்பில் சம இடைவெளியிற் பிளவுகள். அட்டையின் முகத்தில் ஒரு நடனக்காரனின் அடுத்தடுத்த நிலைகள். அட்டையைச் சுழற்றிக்கொண்டு, பின்புறமிருந்து பிளவுகளின் வழியே எதிரே உள்ள கண்ணாடியிற் பார்த்தால் நடனக்காரன் ஆடுவான். பிளாட்டோ பின்னாளில் இரு கண்களின் பார்வையையும் இழந்தார். பார்வையைப் பற்றிய ஆராய்ச்சியை மட்டும் மற்றவர் கண்களின் துணைகொண்டு இறுதிவரை விடாமல் நடத்தினார்.

வட்ட அட்டையை ஒரு சமயத்தில் ஒருவர்தான் பார்க்க இயலும். 1834இல் ஆங்கிலேயக் கணித ஆசிரியர் ஹார்னர் அதை உருளையாக்கினார். கல்லூரி மாணவர்கள் சமன்பாடுகளுக்குத் தீர்வு காண்பதிற் பயிலும் ஹார்னர் முறைக்குப் பெயர் தந்தவர் இவர்தாம். ஆனால் இவருடைய உருளை முப்பது ஆண்டுகளுக்கு மேல் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1867இல் அமெரிக்காவில் ஒருவர் பிளவுகளை உருளையின் மேற்பாதிக்கு உயர்த்தி, கீழ்ப்பாதியிற் படநாடாவை மாற்றி மாற்றி வைக்கும்படி அமைத்தார். ஒரே உருளைக்கு ஐம்பது நாடாக்கள் விற்கலாம் அல்லவா? அதன் பிறகு அது கடைச்சரக்காகியது. ஜோட்ரோப் என்று அதற்குப் பெயர். உயிர்ச் சக்கரம் என்று தமிழிற் சொல்லலாம்.

அதை நீங்களே ஓர் மாலைப் பொழுதிற் செய்துவிடலாம். கெட்டியான அட்டையில் 75 சென்டிமீட்டர் நீளமும் 16 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பட்டை ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். மேற்பாதியில் சம இடைவெளியில் பன்னிரண்டு பிளவுகள் வெட்டுங்கள். ஒவ்வொன்றும் 6 சென்டிமீட்டர் உயரமும் 3 மில்லிமீட்டர் அகலமும் இருக்கட்டும். ஒரு பிளவின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு ஆறேகால் சென்டிமீட்டர் தொலைவில் அமையும். பட்டையை வளைத்து ஒட்டினால் ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள உருளை கிடைக்கும். அதன் வெளிப்புறத்துக்குக் கருமை பூசி, அடியில் ஒரு வட்ட அட்டையை ஒட்டி, நடுவில் ஆணி அடித்துச் சுழலவிடுங்கள். பன்னிரண்டு கட்டங்களில் படம் வரைந்த காகித நாடாவை உட்புறம் பிளவுகளுக்குக் கீழே வைத்து, வெளியிலிருந்து பிளவுகளின் வழியே எதிர்ச்சுவரைப் பாருங்கள்.

நொடிக்கு ஒரு சுற்று என்று வைத்துக்கொள்வோம். அப்போது படநாடா நொடிக்கு 75 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மேலே எட்டிப் பார்த்தால், என் அண்ணன் சுவரிற் கண்ட அதே சாம்பற் கோடுதான் தெரியும். பத்தில் ஒரு நொடிக்குள் படம் ஏழரை சென்டிமீட்டர், அதாவது தன் அகலத்துக்கு மேல், நகர்ந்துவிடுகிறது. கண் அதைப் பிடிக்க இயலாது. இப்போது பிளவின் வழியே பாருங்கள். 3 மில்லிமீட்டர்ப் பிளவு உங்கள் பார்வைக்கோட்டைக் கடக்க ஆகும் நேரம் நொடியில் 250இல் ஒரு பங்கு. அதற்குள் படம் நகரும் தொலைவு 3 மில்லிமீட்டரைத் தாண்டாது. எனவே கலங்கல் மிகச் சிறிது. உருவம் உருவமாகவே தெரிகிறது. உடனே கரிய அட்டை வந்து மறைக்கிறது. மறைந்திருக்கும்போது முதற்படம் விலகி, இரண்டாம் படம் அதே இடத்துக்கு வந்துவிடுகிறது. அடுத்த பிளவு திறக்கும்போது அதைக் காண்கிறோம். படம் இடம் மாறுகின்ற அந்த ஓட்டம் நம் கண்ணுக்கு மறைக்கப்பட்டுவிட்டது. அண்ணனின் சுவரில் இல்லாதது இதுதான். அவன் ஓட்டத்தையும் சேர்த்துக் காட்டிவிட்டான்.

செய்து பார்க்கும்போது நீங்கள் வேறு இரண்டு செய்திகளையும் காண்பீர்கள். பிளவை அகலமாக்கினால் வெளிச்சம் கூடும், உருவம் கலங்கும். குறுக்கினால் உருவம் கூர்மையாகும், ஆனால் இருட்டிவிடும். மூன்று மில்லிமீட்டர் என்று நான் சொன்னது இவ்விரண்டுக்கும் இடையே செய்துகொண்ட சமரசம். மற்றொன்று, நீங்கள் வட்டமாக வரைந்த பந்து, நிறுத்தி வைத்த முட்டைபோல ஒடுங்கித் தெரியும். அருகிலுள்ள பிளவு வலப்புறம் செல்லும்போது எதிர்ச்சுவரிலுள்ள படம் இடப்புறம் செல்கிறது. இரண்டும் எதிரெதிராகக் கடப்பதால், பிளவு படத்தை அதன் முழு அகலத்திலும் மேய்வதற்குள் படம் பாதி வழி எதிர்கொண்டு வந்துவிடுகிறது. ஓரடித் தொலைவிலிருந்து பார்த்தால் அகலம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகக் குறையும். ஆகவே நாடாவில் மனிதர்களைச் சற்றுத் தடித்தவர்களாக வரைய வேண்டும். சுழற்றும்போது அவர்கள் அளவாக இளைத்துவிடுவார்கள்.

இருட்டுத்தான் உருளையின் பெருங்குறை. ஆறேகால் சென்டிமீட்டருக்கு மூன்று மில்லிமீட்டர் திறப்பு என்றால், வெளிச்சத்தில் இருபதில் ஒரு பங்குகூடக் கண்ணை அடைவதில்லை. 1877இல் பிரெஞ்சுக்காரரான எமில் ரெய்னோ பிளவுகளை நீக்கிவிட்டு, உருளையின் நடுவில் பன்னிரண்டு சிறு கண்ணாடிகளை நிறுத்தி அவற்றிற் படத்தைக் காட்டி இக்குறையை ஒருவாறு தீர்த்தார். ஆயினும் உருளையில் அடங்கும் படங்கள் பன்னிரண்டே. குதிரை ஒரு வேலியைத் தாண்டும். மறு நொடி அதே வேலியை மறுபடியும் தாண்டும். கதை சொல்ல வேண்டுமானால் நாடா நீள வேண்டும்.

புகைப்படம் எடுக்கத்தக்க வளையும் செல்லுலாயிட் நாடா வந்தபின் நாடா நீண்டது. 1894இல் எடிசனின் கூடத்திலிருந்து வெளிவந்த பெட்டியைக் கவனியுங்கள். அதன்மேல் குனிந்து ஒரு துளையின் வழியே ஒருவர் பார்க்க வேண்டும். உள்ளே ஏறத்தாழ ஐம்பது அடி நீளமுள்ள படநாடா, நொடிக்கு நாற்பது படம் என்ற விகிதத்தில் நிற்காமல் ஓடும். நாடாவின்மேல் ஒரு குறுகிய பிளவுள்ள தகடு சுழலும். உற்றுப் பார்த்தால் இஃது உயிர்ச் சக்கரமே. உருளையை நீட்டி, மின்விளக்கையும் சேர்த்தார்கள், அவ்வளவே. பழைய குறையும் கூடவே வந்தது. கண்ணிமைக்கும் பொழுதினும் மிகக் குறுகிய திறப்பின் வழியே வரும் வெளிச்சம் ஒரு கண்ணுக்குப் போதும். ஒரு கொட்டகைத் திரைக்குப் போதாது.

ஓடுகின்ற படத்தை மின்னல்போலக் காட்டி மறைப்பதற்குப் பதிலாக, படத்தையே நிறுத்திவிட்டால் என்ன? படம் நின்றுகொண்டிருக்கும் நேரம் முழுவதும் தாராளமாக ஒளி பாய்ச்சலாம், கலங்காது. பிறகு ஒளியை மறைத்துவிட்டு, நாடாவை ஒரு படத்தின் அளவு வெடுக்கென இழுத்து, மறுபடியும் நிறுத்தலாம். சினிமா என்று நாம் சொல்வது பிறந்தது இந்த நிறுத்தத்தில்தான். பிரான்சிலிருந்த லூமியேர் சகோதரர் தம் பொறியில், தையற்பொறி துணியைத் தையலுக்குத் தையல் நகர்த்தி நிறுத்துவதைப் போல, இரு பற்களுள்ள ஒரு கொக்கியால் நாடாவை இழுத்தனர். 1895 டிசம்பர் 28இல் பாரிசிற் கட்டணம் வாங்கிக் காட்டிய அந்தப் பொறியின் படங்களை 1896 ஜூலை 7இல் பம்பாய் வாட்சன் ஓட்டலிற் காட்டினார்கள்.

தமிழ்நாட்டிற் சினிமாவை ஊர் ஊராகக் கொண்டு சென்றவர்களுள் முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட். கோயம்புத்தூரைச் சேர்ந்த இவர் திருச்சிராப்பள்ளியில் ரயில்வே அலுவலகத்தில் வரைபடம் வரைபவராக இருந்தார். 1905இல் டுபான் என்ற பிரெஞ்சுக்காரர் படம் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்து, உடல்நலம் குன்றித் தாய்நாடு திரும்ப விரும்பினார். வின்சென்ட் அவரிடமிருந்து பொறியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார், வேலையையும் விட்டுவிட்டார். சுருள்களுள் ஏசுநாதரின் வாழ்க்கையைக் காட்டும் படமும் ஒன்று. கூடாரம் அடித்துத் தென்னாட்டிலும் பின்பு வடநாட்டிலும் படம் காட்டியபின், 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிலையான கொட்டகையைக் கட்டினார். திருச்செந்தூர்க் கடற்கரையில் என் காலத்தில் நின்ற கீற்றுக்கொட்டகையும் அந்தக் கூடாரத்தின் வழிவந்ததே.

பொறியைக் கையால் சுழற்றிய காலம் அது. சுழற்றுபவருக்கு எது தெரிந்திருக்க வேண்டும்? அக்காலத்துப் பொறிகள் பலவற்றிலும், பின்னாளில் எங்கள் ஊர்க் கொட்டகைப் பொறியிலும், படத்தை நிறுத்தி நகர்த்தும் உறுப்பு மால்டாச் சிலுவை எனப்படும். நான்கு வெட்டுகளை உடைய சிலுவை வடிவான சிறு சக்கரம் அது. அதன் அருகே நிற்காமல் சுழலும் ஒரு தட்டில் ஒற்றை முளை இருக்கும். தட்டு ஒரு முறை சுற்றும்போது முளை ஒரு வெட்டுக்குள் புகுந்து, சிலுவையைக் கால் சுற்று திருப்பிவிட்டு வெளியேறும். அந்தத் திருப்பலுக்கு ஆகும் நேரம் ஒரு சுற்றின் கால் பங்கு. மற்ற முக்கால் பங்கு நேரமும் சிலுவை அசைவற்று நிற்கும். சிலுவையோடு இணைந்த பற்சக்கரத்தில் பதினாறு பற்கள். கால் சுற்றுக்கு நான்கு பற்கள். படநாடாவின் ஓரத்தில் ஒரு படத்துக்கு நான்கு துளைகள். எனவே தட்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் நாடா ஒரு படம், அதாவது 19 மில்லிமீட்டர், இறங்கி நிற்கிறது.

மேலேயுள்ள சுருளோ நிற்காமல் சுழல்கிறது. கீழே சுருட்டும் சக்கரமும் நிற்காமல் சுழல்கிறது. நடுவிலுள்ள நாடா மட்டும் நின்று நின்று செல்கிறது. இரண்டும் எப்படி ஒத்துப்போகும்? ஒளிவாயிலுக்கு மேலும் கீழும் நாடாவைத் தொய்வாக ஒரு வளையம் விட்டிருப்பார்கள். மேல்வளையம் பெருகிச் சுருங்குகிறது. கீழ்வளையம் சுருங்கிப் பெருகுகிறது. அந்தத் தொய்வு இல்லாவிட்டால் நாடா ஒரு நொடியில் அறுந்துவிடும். கொட்டகையில் திடீரென்று படம் துள்ளி, பொறியிலிருந்து கடகடவென்று ஓசை கேட்டால், கீழ்வளையம் போய்விட்டது என்று பழகிய செவி உணர்ந்துகொள்ளும்.

நாடா இறங்கும் அந்தக் கால் பங்கு நேரத்தில் ஒளியை மறைப்பது, லென்சின் அருகே சுழலும் மூடுதகடு. பேசும்படக் காலத்தில் வேகம் நொடிக்கு 24 படம் என்று நிலைபெற்றது. 24இல் ஒரு பங்கான நொடியை நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதற்பங்கில் இருள், நாடா இறங்குகிறது. இரண்டாம் பங்கில் ஒளி, படம் நிற்கிறது. மூன்றாம் பங்கில் மறுபடியும் இருள். ஆனால் படம் அசையவில்லை. நான்காம் பங்கில் அதே படத்துக்கு மீண்டும் ஒளி. அசையாத படத்தை எதற்காக மறைக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். முதற்கேள்வியாக நானும் அதைத்தான் கேட்டேன்.

நொடிக்கு 16 அல்லது 24 முறை ஒளி வந்து வந்து மறைந்தால் கண் கூசும். திரை படபடவென்று துடிக்கும். தொடக்கக் காலப் படங்களைப் பார்த்தவர்கள் கண்வலி என்று முறையிட்டது இதனால்தான். ஒளியும் இருளும் நொடிக்கு ஏறத்தாழ ஐம்பது முறை மாறினால் திரையின் துடிப்புப் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. படங்களை நொடிக்கு 48ஆக ஓட்டலாம். சுருள் இருமடங்கோ மும்மடங்கோ செலவாகும், நாடாவும் கிழியும். எனவே துடிப்பைப் போக்க இருளைக் குறைக்காமல், இருளை இன்னும் சேர்த்தார்கள். நொடிக்கு 16 படம் ஓடிய ஊமைப்படக் காலத்தில் மூடுதகட்டுக்கு மூன்று இதழ்கள்; மும்முறை பதினாறு 48. நொடிக்கு 24 படம் ஓடும்போது இரண்டு இதழ்கள், அதுவும் 48. இதற்குக் கொடுத்த விலை, விளக்கின் ஒளியில் ஏறத்தாழ பாதி. மூன்று மணி நேரப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வருகின்றவர், அதில் ஒன்றரை மணி நேரம் முழு இருட்டில் உட்கார்ந்திருந்தார் என்று சொன்னால் டிக்கட்டுப் பணத்திற் பாதியைத் திரும்பக் கேட்பார். ஆனால் உண்மை அதுதான்.

சிலுவையும் மூடுதகடும் ஒரே தாளத்தில் இயங்க வேண்டும். எங்கள் கொட்டகையில் ஒரு நாள் எழுத்துப் போடும்போதே, கரிய பின்னணியில் வெள்ளை எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் மேல்நோக்கி ஒரு வால் முளைத்திருந்தது. மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்திருந்த எங்களுக்கு அது வேடிக்கை. இடைவேளையிற் பொறி இயக்குபவர் வெளியே வந்து தேநீர் அருந்தும்போது என் அண்ணன் துணிந்து கேட்டான். அவர் சொன்ன விளக்கம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

“தம்பி, மூடி பிந்திப்போச்சு. படம் கிளம்பின பிறகுதான் மூடுது.”

அவ்வளவுதான் சொன்னார். அதை நான் விரித்துச் சொல்கிறேன். ஒளிவாயிலிற் படம் தலைகீழாக நிற்பதால், நாடா கீழே இறங்கும்போது திரையில் உருவம் மேலே செல்லும். நாடா நகரத் தொடங்கிய பிறகும் ஒளி மூடப்படாவிட்டால், எழுத்து மேல்நோக்கி வழுக்குவது தெரிந்துவிடும், அதுவே மேல்வால். மாறாக, நாடா வந்து நிற்பதற்கு முன்பே ஒளி திறந்துவிட்டால், எழுத்து கீழிருந்து தன் இடத்துக்கு ஏறி வருவது தெரியும். அப்போது வால் கீழ்ப்புறம் இருக்கும். வாலின் திசையைக் கண்டே மூடுதகட்டை எப்பக்கம் திருப்ப வேண்டும் என்று அறிந்துகொள்ளலாம். இடைவேளைக்குப் பின் வால் மறைந்துவிட்டது. நாங்கள் வீட்டிற் கண்ட சாம்பற் கோடு வேறொன்றுமில்லை, முழுப்படமும் வாலாகிப்போன நிலை என்று அண்ணன் அன்றிரவு சொன்னான். தன் தோல்விக்கு அவனே கண்ட இந்த விளக்கம் சரியானதே என்று இன்றும் கருதுகிறேன்.

இனி, கண்ணின் பங்கு. பல பாடநூல்கள் இதற்குத் தரும் விளக்கம் ஒன்றுண்டு. ஒரு பொருளைக் கண்ட காட்சி கண்ணிற் பத்தில் ஒரு நொடியளவு தங்குகிறது, அதற்குள் அடுத்த படம் வந்து சேர்ந்துவிடுவதால் அசைவு தோன்றுகிறது என்பது அவ்விளக்கம். அதிற் பாதிதான் சரி. ஒளி கண்ணிற் சற்றுத் தங்குவதால் இருள் தெரியாமற்போகிறது என்பது உண்மை. ஆனால் அசைவு எங்கிருந்து வந்தது? முதற்படம் தங்கியிருக்கும்போதே இரண்டாம் படம் வந்து படிந்தால், நமக்குத் தெரிய வேண்டியது ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்த பல கைகள். உயரும் ஒரு கை அன்று.

1910இல் ஜெர்மானிய உளவியலறிஞர் மாக்ஸ் வெர்த்தைமர், ரயிற் பயணத்தின் நடுவே பிராங்க்பர்ட்டில் இறங்கி, பொம்மைக் கடையில் உயிர்ச் சக்கரம் போன்ற ஒரு பொம்மையை வாங்கி ஓட்டல் அறையிற் சுழற்றிப் பார்த்தார் என்று சொல்வார்கள். 1912இல் அவர் வெளியிட்ட சோதனை மிக எளியது. இரண்டு கோடுகள், சிறு தொலைவில் தனித்தனியே. முதலில் ஒன்று தோன்றி மறையும், பிறகு மற்றது. இடையே ஐந்தில் ஒரு நொடி விட்டால் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கோடுகள் தெரிகின்றன. மிகக் குறைத்து முப்பதில் ஒரு நொடியாக்கினால் இரண்டும் ஒருங்கே தெரிகின்றன. இவற்றுக்கு இடைப்பட்ட ஓர் அளவில், நொடியிற் பதினாறில் ஒரு பங்கையொட்டி, ஒரே கோடு இங்கிருந்து அங்கு நகர்வதாகத் தெரிகிறது. நகர்ந்த கோடு எதுவும் அங்கு இல்லை. கண்ணில் விழாத அசைவை மூளை தானே அமைத்துக்கொள்கிறது.

இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. கந்தசஷ்டியின்போது திருச்செந்தூருக்கு வருவோர் மின்விளக்குகளால் அமைத்த வேலைப் பார்த்திருப்பார்கள். ஒளி அடியிலிருந்து நுனிக்கு ஓடுகிறது. ஆனால் குமிழ்கள் எல்லாம் தத்தம் இடத்தில் ஆணியடித்தாற்போல நிற்கின்றன. ஒன்று அணைய மற்றொன்று எரிகிறது, அவ்வளவே. எரியும் தாளத்தை மிக மெதுவாக்கினால் ஓட்டம் நின்று, தனித்தனிக் குமிழ்கள் கண்சிமிட்டத் தொடங்கிவிடும்.

ஆகவே இரண்டு வேறு எல்லைகள் உள்ளன. அசைவைக் காண மூளைக்கு நொடிக்குப் பத்து அல்லது பன்னிரண்டு படங்கள் போதும். நம் அட்டை உருளை அதைக் கொடுத்துவிடுகிறது. துடிப்பில்லாமற் காணக் கண்ணுக்கு ஐம்பதை நெருங்கிய ஒளிவீச்சுகள் வேண்டும். அதை உருளை கொடுப்பதில்லை, அதனாலேதான் அதில் உருவம் அசைந்தாலும் நடுங்கிக்கொண்டே அசைகிறது. மூன்று இதழ் மூடுதகடு இரண்டு எல்லைகளையும் ஒரே நாடாவில் இணைத்தது.

இன்று கொட்டகைகளிற் படச்சுருள் இல்லை. சிலுவையும் மூடுதகடும் பழம்பொருளாகிவிட்டன. சென்ற ஆண்டு விடுமுறையில் வந்த என் பேத்திக்கு மேலே சொன்ன அளவில் ஓர் உருளை செய்து கொடுத்தேன். துள்ளும் ஆடு ஒன்றை அவள் வரைந்தாள். சுழற்றிப் பார்த்துவிட்டு, “தாத்தா, ஆடு துள்ளுகிறது, ஆனால் நின்ற இடத்தில் நிற்காமல் தள்ளித் தள்ளிப் போகிறதே!” என்றாள். நாடாவை வெளியே எடுத்து எண்ணிப் பார்த்தோம். பன்னிரண்டு பிளவுகளுக்குப் பதின்மூன்று ஆடுகளை நெருக்கி வரைந்துவிட்டாள்.

ஒரு பிளவு போய் அடுத்த பிளவு வருவதற்குள் உருளை பன்னிரண்டில் ஒரு பங்கு திரும்புகிறது. ஆடுகளோ பதின்மூன்றில் ஒரு பங்கு இடைவெளியில் நிற்கின்றன. எனவே அடுத்த ஆடு, முந்தைய ஆடு நின்ற இடத்தைச் சற்றுக் கடந்து வந்த பிறகே பிளவு திறக்கிறது. அந்தச் சிறு மிகுதி ஒவ்வொரு முறையும் சேர்ந்து, ஆடு எதிர்ச்சுவர் ஓடும் திசையிலேயே முன்னேறுகிறது. பதினோரு ஆடுகள் வரைந்திருந்தால், இடம் போதாமற் பின்வாங்கியிருக்கும். ராஜா ராணிப் படங்களில் விரைந்தோடும் தேரின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதாகத் தோன்றுவதும் இதே கணக்கினால்தான். பன்னிரண்டு ஆரக்கால் உள்ள சக்கரம் நொடிக்குச் சரியாக இரண்டு சுற்று சுற்றினால், 24 படங்களிலும் ஓர் ஆரக்கால் இருந்த இடத்தில் அடுத்தது வந்து நிற்கும், சக்கரம் அசையாது. அதைவிடச் சற்றுக் குறைந்தால் பின்னோக்கிச் சுழலும்.

இதைக் கேட்ட பேத்தி, பதினோரு ஆடுகளுள்ள நாடா ஒன்றை அன்றே வரையத் தொடங்கினாள். ஆடு பின்வாங்கிக்கொண்டே துள்ளியது. பன்னிரண்டு ஆடுகளுள்ள சரியான நாடாவை அவள் இதுவரை வரையவில்லை.